புது சாட் திறந்ததும் ஒட்ட வேண்டிய பக்கம்

ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் பலர் இப்போது புள்ளியியல் கணக்குக்கும் நிரலுக்கும் ஏஐ சாட் செயலிகளை நம்பியிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு சங்கதியைப் பேசுவோம். புதிதாக ஓர் உரையாடலைத் திறந்தால், நேற்று பேசி முடித்தது பெரும்பாலும் அங்கே இருக்காது. சில செயலிகளில் நினைவு வசதி உண்டு. ஆனால் அது எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கக் கோப்பாக எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதை முதலில் ஒட்டச் சொல்கிறேன்.

எதை எழுதுவது? ஒரு நெல் வயலை வைத்துப் பார்ப்போம். வேளாண் முதுகலை மாணவி ஒருத்தி இரண்டு நீர்ப்பாசன முறைகளை ஒப்பிடுகிறாள்: எப்போதும் தேங்கிய நீர் ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலும் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் தழைச்சத்து நான்கு அளவு: ஹெக்டேருக்கு 0, 50, 100, 150 கிலோ. நான்கு ரெப்ளிகேஷன், மொத்தம் 32 பாத்திகள். தண்ணீரை ஒவ்வொரு சின்னப் பாத்திக்கும் ஒரு விதமாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பாசனத்தைப் பெரிய பாத்திக்கும், தழைச்சத்தை அதற்குள் இருக்கும் சிறு பாத்திகளுக்கும் கொடுத்திருக்கிறாள். ஸ்பிளிட் பிளாட் என்பது இதுதான்.

இந்த ஒரு வரி கோப்பில் இல்லையென்றால் என்ன ஆகும்? எக்செல் தாளில் பார்த்தால் இது சாதாரண இருகாரணிச் சோதனை போலவே தெரியும். அதற்கேற்ற நிரல்தான் வரும்; அது தடையில்லாமல் ஓடவும் செய்யும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. சரியான வரி இது:

```
aov(yield ~ irr * N + Error(rep/irr), data = d)
```

இப்படிச் செய்தால் பாசனத்தைச் சோதிக்கும் பிழைக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3. தழைச்சத்துக்கான பிழைக்கு 18. ஸ்பிளிட் பிளாட் என்பது விட்டுப்போனால் இரண்டும் சேர்ந்து 21 ஆகிவிடும். 3 என்றால் பாசனத்தின் எஃப் மதிப்பு 10.13-ஐத் தாண்டினால்தான் 5 சதவீத அளவில் வேறுபாடு உண்டு என்று எழுதலாம். 21 என்றால் 4.32-ஐத் தாண்டினாலே போதும். இல்லாத வேறுபாட்டை இருப்பதாக எழுதிவிட்டு, வைவாவில் நிற்க வேண்டியதாகும்.

அதனால் கோப்பில் முடிவை மட்டும் எழுதாதீர்கள். காரணத்தையும், சரிபார்க்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: "ஸ்பிளிட் பிளாட், பாசனம் பெரிய பாத்தியில், பாசனப் பிழை 3 வர வேண்டும்." அடுத்த வரி: "`N`, `rep` இரண்டும் எண் அல்ல, ஃபேக்டர்; `N`-க்கு 3 வர வேண்டும்." அட்டவணையில் `N`-க்கு 1 என்று வந்தால், 0, 50, 100, 150 ஆகியவற்றை நிரல் வெறும் எண்களாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். மகசூல் 14 சதவீத ஈரப்பதத்துக்குத் திருத்தியதா என்பதையும் குறியுங்கள். 18 சதவீத ஈரத்தில் 5 டன் என்பது திருத்திய பிறகு 4.77 டன்தான். குறிக்காவிட்டால், திருத்தியதை இன்னொரு முறை திருத்திவிடும் கூத்தும் நடக்கும்.

செய்து பார்த்துக் கைவிட்டவற்றுக்கும் இரண்டு வரி வேண்டும். லாக் மாற்றம் தேவையில்லை என்று ரெசிடுவல் வரைபடம் பார்த்து முடிவு செய்திருந்தால், அதை எழுதுங்கள்; இல்லாவிட்டால் அந்த யோசனை வாரம் ஒருமுறை திரும்பி வரும்.

கோப்பைக் கீழே கீழே சேர்த்துக்கொண்டே போவதுதான் பலரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாசியில் எடுத்த முடிவும் சித்திரையில் அதை மாற்றியதும் ஒரே பக்கத்தில் இருந்தால், விடை எதைப் பிடித்துக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று நாட்குறிப்பு, தேதியோடு வளர்வது. நெறியாளர் கேட்டால் காட்ட உதவும். மற்றது ஒட்டுவதற்கானது, பழைய வரியை அழித்துப் புதியதை எழுதுங்கள், ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள். கடைசி வரியில் இன்றைய வேலை என்னவென்று இருக்கட்டும்.

உரையாடல் முடிந்ததும் சுருக்கத்தைச் செயலியிடமே எழுதி வாங்கி அப்படியே சேமிப்பவர்களும் உண்டு. அந்தச் சுருக்கத்தில் வெறும் யோசனையாக வந்தது, நீங்கள் முடிவு செய்ததாகவே மாறியிருக்கலாம். அடுத்த வாரம் அதை ஒட்டும்போது அது உண்மையாகிவிடுகிறது. "தீர்மானித்தது", "யோசனை" என்று இரண்டு தலைப்பு வைத்து, முதலாவதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. விவசாயிகளின் பெயர், கைபேசி எண், சர்வே எண் இவை எதுவும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். வெளியாகாத தரவை இப்படி வெளிச் செயலியில் ஒட்டலாமா என்பதை, முதல் வரியை ஒட்டுவதற்கு முன்பே நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.