நான்கு ஆம், ஒரு இல்லை

“சார்ட் நல்லா இருக்கு, வாங்கலாம்” என்று சொல்பவரிடம், எது நல்லா இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். டிரெண்ட் மேலே போகிறது, வால்யூம் பலமாக இருக்கிறது, பிரேக்அவுட் வந்துவிட்டது என்பார். நேற்று நஷ்டப்பட்டவரிடம் அதே சார்ட்டை நீட்டினால், ஏற்கெனவே ரொம்ப ஏறிவிட்டதே என்று தயங்குவார். கோடுகள் அதேதான், தீர்ப்புதான் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறாகிறது.

இந்தத் தடுமாற்றத்தின் விலையை 1970-ல் லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் வேறொரு துறையில் காட்டினார். நோயாளிகளின் சோதனை மதிப்பெண்களைப் பார்த்து நிபுணர்கள் சொன்ன முடிவுகளை எடுத்துக்கொண்டார். எந்த மதிப்பெண்ணுக்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதையே சூத்திரமாக்கினார். அந்தச் சூத்திரம் பெரும்பாலும் அந்த நிபுணர்களையே மிஞ்சியது. அதில் இருந்தது அவர்களுடைய அறிவேதான்; களைப்பும் சலிப்பும் மட்டும் இல்லை. டிரேடர் தன் கண்ணுக்குத் தெரிகிற சிக்னலைக் கேள்வியாக எழுதிவைப்பதும் இதே வேலைதான்.

கேள்வியை எழுதுவதில்தான் சிரமம். “டிரெண்ட் ஏறுமுகமா?” என்பது கேள்வியே அல்ல, ஆசைப்பட்டால் எதற்கும் ஆம் போடலாம். “இன்றைய முடிவு விலை 50 நாள் சராசரிக்கு மேலே இருக்கிறதா? அந்தச் சராசரி 10 நாளுக்கு முன் இருந்ததைவிட உயர்ந்திருக்கிறதா?” என்று கேட்டால், பங்குச் சந்தையே தெரியாத பள்ளி மாணவனும் நாம் எழுதும் பதிலையே எழுதுவான். பிரேக்அவுட் என்பது, “முடிவு விலை முந்தைய 20 நாள் உச்சத்தைத் தாண்டியதா?” என்று மாறும். ‘முந்தைய’ என்ற சொல் முக்கியம். இன்றைய நாளையும் அந்த 20-இல் சேர்த்துவிட்டால், முடிவு விலை இன்றைய உச்சத்தைத் தாண்டவே முடியாது. பதில் என்றைக்கும் ‘இல்லை’தான்.

இன்னொரு பொறி, ஆம்களின் எண்ணிக்கையில் மயங்குவது. ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, நகரும் சராசரி மூன்றும் ஒரே முடிவு விலையிலிருந்து பிறப்பவை. மூன்றும் ஆம் என்றால் மூன்று சாட்சிகள் கிடைத்ததாக அர்த்தமில்லை. ஒரே சாட்சி மூன்று சட்டை மாற்றி வந்திருக்கிறார். அதனால் விலைக்கு இரண்டு, வால்யூமுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, பண நஷ்டத்துக்கு ஒன்று என்று வேறு வேறு இடங்களிலிருந்து கேட்பது நல்லது.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். மதியம் 2 மணிக்கு விலை 414. முந்தைய 20 நாள் உச்சம் 408. கை துடிக்கும். ஆனால் அன்றைய கேண்டில் இன்னும் முடியவில்லை, 3.30-க்குள் 405-க்கு இறங்கி, மேலே வெறும் திரியை மட்டும் விட்டுவைக்கலாம். வால்யூமும் பாதி நாள் கணக்குதான். ஆகவே சந்தை மூடிய பிறகுதான் கேள்விகள் எழுதிய தாளை நிரப்ப வேண்டும். முடிவு விலை 412: பிரேக்அவுட் ஆம். 50 நாள் சராசரி 381, பத்து நாள் முன் 374: ஆம். வால்யூம் 9.2 லட்சம், 20 நாள் சராசரியான 5.5 லட்சத்தின் ஒன்றரை மடங்கு 8.25 லட்சம் என்பதால் ஆம். அடுத்த மூன்று நாளில் காலாண்டு முடிவு எதுவும் வரப்போவதில்லை: ஆம். மூலதனம் 2 லட்சம் ரூபாய். ஒரு டிரேடில் அதிகபட்ச நஷ்டம் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். ஸ்டாப்லாஸ் 396 என்றால் பங்குக்கு 16 ரூபாய் ஆபத்து. 125 பங்கு வாங்கலாம்: ஐந்தாவதும் ஆம்.

மறுநாள் காலை பங்கு 425-இல் திறக்கிறது. இப்போது ஆபத்து பங்குக்கு 29 ரூபாய்; 125 பங்குக்கு 3,625. நேற்றிரவு ஆம் ஆக இருந்த ஐந்தாவது கேள்வி ‘இல்லை’ ஆகிவிட்டது. “நாலு ஆம் இருக்கே” என்று மனசு பேரம் பேசும் இடம் இதுதான். எண்ணிக்கையை 68 ஆகக் குறைக்கலாமா, விட்டுவிட வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே தாளில் எழுதியிருக்க வேண்டும், 9.15-க்கு யோசிக்கக் கூடாது.

பட்டியல் சிக்னலை நல்லதாக்கிவிடாது. உதவாத சிக்னலைப் பிசகாமல் பின்பற்றினால், பிசகாமல் நஷ்டம் வரும். ஆனால் அது நஷ்டம் என்று கணக்கில் தெரியும். அதற்கும் பத்து டிரேடு போதாது: காசைப் பத்து முறை சுண்டினாலே ஏழோ அதற்கு மேலோ தலை விழ ஏறக்குறைய 17 சதவீத வாய்ப்பு உண்டு. எனவே பழைய தாள்களைச் சேர்த்துவைக்க வேண்டும், வாங்காமல் விட்டவை உட்பட. ‘இல்லை’ வந்ததால் விட்ட பங்குகள், வாங்கியவற்றைப் போலவே ஏறியிருந்தால், அந்த ‘இல்லை’யைச் சொன்ன கேள்வி எதையும் வடிகட்டவில்லை. அதை அடித்துவிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, சந்தை மூடியிருக்கும்போது.