வாடிய கொத்தமல்லி தண்ணீரில் நிமிர்கிறது... உப்புத் தண்ணீரில் ஏன் நிமிர்வதில்லை?

காலையில் சந்தையில் வாங்கும்போது விறைப்பாக நின்ற கொத்தமல்லிக் கட்டு, மதியத்துக்குள் ஈரத்துணி போலத் துவண்டுவிடும். அதே பையில் வந்த கறிவேப்பிலைக் கொத்தோ அப்படியே இருக்கும். கொத்தமல்லியின் அடித்தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலை நிமிர்ந்துவிடும். இது பல வீடுகளில் தெரிந்த வித்தைதான்.

ஆனால், அதே கட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிமிராது. ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்த கொத்தமல்லியை எவ்வளவு நேரம் நல்ல தண்ணீரில் வைத்தாலும் நிமிராது. ஏன் இந்த வித்தியாசம்? விடை, செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் ஒரு தண்ணீர்ப் பையில் இருக்கிறது.

பைக்குள் என்ன இருக்கிறது?

அந்தப் பையின் பெயர் வாக்குவோல். முதிர்ந்த இலைச் செல் ஒன்றின் கொள்ளளவில் 80 முதல் 90 சதவிகிதம் வரை இந்த ஒரே பை அடைத்துக்கொள்ளும். பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்கள், உட்கரு எல்லாம் இதற்கும் செல் சுவருக்கும் நடுவே, ஓரமாக ஒதுங்கித்தான் இருக்கின்றன.

பைக்குள் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல. பொட்டாசியம் உப்புகள், சர்க்கரை, அமிலங்கள் எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. இந்தப் பையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர். 1885-ல் அந்தப் பெயரை வைத்தவர், நெதர்லாந்து தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ். அவர் செல்களை அடர்த்தியான வெடியுப்புக் கரைசலில் போட்டு, அதில் சிவப்புச் சாயத்தையும் கலந்தார். செல்லின் வெளிப்பகுதி செத்து, சாயத்தை உறிஞ்சிக்கொண்டது. ஆனால், உள்ளே இருந்த தண்ணீர்ப் பை மட்டும் சாயத்தை அனுமதிக்காமல் தெளிவாகவே இருந்தது. ஆக, பைக்கென்று தனியாக, உயிருள்ள ஒரு சவ்வு இருக்கிறது என்பது புரிந்தது. செல்லுக்கு விறைப்பைத் தருவது இதுதான் என்பதால், விறைப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார்.

பை தள்ளுகிறது... சுவர் தாங்குகிறது

டோனோபிளாஸ்ட்டில் சின்னச் சின்ன பம்ப்புகள் போன்ற புரதங்கள் இருக்கின்றன. செல்லின் ஆற்றலைச் செலவழித்து, இவை ஹைட்ரஜன் அயனிகளைப் பைக்குள் தள்ளுகின்றன. அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, சவ்விலுள்ள மற்ற புரதங்கள் உப்பையும் சர்க்கரையையும் உள்ளே சேர்க்கின்றன. உள்ளே கரைசல் அடர்த்தியானதும், வெளியே இருக்கும் தண்ணீர் தானாகவே பைக்குள் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். உப்பைச் சேர்ப்பதுதான் செல்லின் உழைப்பு. அதன் பின்னால் தண்ணீர் வருவதற்குத் தனியாகப் பம்ப் தேவையில்லை.

தண்ணீர் வர வர பை உப்பும்; செல்லின் வெளிச் சுவரை உள்ளிருந்து தள்ளும். கால்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரைத் தனியாக எடுத்து ஊதினால் கொழகொழவென்று வீங்கிக்கொண்டே போகும். தோல் உறைக்குள் வைத்து ஊதினால்தான் பந்து கல்லு மாதிரி ஆகும். இங்கே பிளாடர்தான் வாக்குவோல்; தோல் உறைதான் செல்லுலோஸால் ஆன செல் சுவர். பை தள்ளுவதும் சுவர் தாங்குவதும் சேர்ந்து உண்டாகும் இந்த அழுத்தத்துக்கு விறைப்பழுத்தம் என்று பெயர்.

இது எவ்வளவு இருக்கும்? நன்றாகத் தண்ணீர் குடித்த இலையில், பொதுவாக நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 3 முதல் 10 மடங்கு வரை இருக்கும். 5 மடங்கு என்று எடுத்துக்கொண்டாலே சுமார் 73 பி.எஸ்.ஐ. கார் டயருக்குப் பெட்ரோல் பங்க்கில் அடிக்கும் காற்று 30 முதல் 35 பி.எஸ்.ஐ-தான். ஒரு கொத்தமல்லி இலையில் இப்படி லட்சக்கணக்கான குட்டி டயர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. எலும்பும் இல்லை, மரக்கட்டையும் இல்லை என்றாலும் இலை நிமிர்ந்து நிற்பது இதனால்தான்.

கறிவேப்பிலை தொய்யாததற்கும் இதிலேயே காரணம் கிடைக்கிறது. அதன் காம்பிலும் நரம்புகளிலும் கெட்டியான, மரத்தன்மையுள்ள திசுக்கள் அதிகம். இலையும் தடிமன். தண்ணீர் குறைந்தாலும் அந்தச் சட்டகம் அதைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் கறிவேப்பிலை துவளாமல், நின்றபடியே காய்கிறது.

கொஞ்சம் தண்ணீர் போனாலே போதும்

துவண்ட கீரையைப் பார்த்தால் அதிலிருந்த தண்ணீர் எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. செல் சுவர் அவ்வளவாக நீண்டு சுருங்காது. அதனால் பையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வெளியேறினாலே அழுத்தம் மடமடவென்று இறங்கிவிடும். பல செடிகளின் இலைகளில், நிரம்பியிருந்த தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தாலே விறைப்பழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

கணக்காகப் பார்ப்போம். 100 கிராம் கீரையில் சுமார் 90 கிராம் தண்ணீர். அதில் 9 முதல் 18 கிராம் வரை ஆவியாகிப் போனாலே கட்டு தலை சாய்ந்துவிடும். மீதி 70 கிராமுக்கு மேல் தண்ணீர் இன்னும் செல்களுக்குள்தான் இருக்கிறது. செல்லும் சாகவில்லை, டோனோபிளாஸ்ட்டும் கிழியவில்லை, பைக்குள் இருந்த உப்பும் சர்க்கரையும் எங்கேயும் போகவில்லை. குறைந்த அந்தச் சில ஸ்பூன் தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் போதும்.

கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தண்டின் அடியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் புதிதாக நறுக்கிவிடுங்கள். பழைய வெட்டுவாயில் தண்டின் நீர்க்குழாய்களுக்குள் காற்றுப் புகுந்திருக்கும்; அது தண்ணீர் ஏறுவதைத் தடுக்கும். பிறகு, தண்டு மட்டும் நனையும்படி குளிர்ந்த நீரில் நிறுத்தி, மேலே ஒரு பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்துவிடுங்கள். இலை வழியாகத் தண்ணீர் ஆவியாவதை இது குறைக்கும். கீரை விற்பவர்கள் கட்டுகளின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்துவதும் இதற்காகத்தான். இலைமேல் மெழுகுப் பூச்சு இருப்பதால், மேலே தெளிக்கும் தண்ணீர் உள்ளே போவது குறைவு. சூட்டைத் தணித்து, மேலும் வாடாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை.

2 ஸ்பூன் உப்பு செய்யும் வேலை

கீரையிலும் காலிஃப்ளவரிலும் உள்ள பூச்சி போக உப்புத் தண்ணீரில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம், அதாவது சுமார் 2 டீஸ்பூன் உப்பைக் கரைத்தால், அந்தக் கரைசலுக்குத் தண்ணீரை இழுக்கும் சக்தி வந்துவிடும். அது காற்றழுத்தத்தைப் போல சுமார் 8 மடங்கு. உங்கள் கீரையின் வாக்குவோலுக்கும் இழுக்கும் சக்தி 8 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வெளியேயும் 8, உள்ளேயும் 8. கயிறு இழுக்கும் போட்டி சமன். பைக்குள் தண்ணீர் ஏறாது, கீரையும் நிமிராது. உப்பை இன்னும் கூட்டினால் பையில் இருக்கும் தண்ணீரும் வெளியே வந்துவிடும்.

வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால், சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் கட்டிக்கொள்வதும் இப்படித்தான். தயிர் பச்சடி நீர்த்துப்போகாமல் இருக்க வேண்டுமானால், பரிமாறும் நேரத்தில் உப்பைச் சேர்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் சில நிமிடங்கள் அலசுவதால் பெரிய பாதிப்பு வராது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி வைத்தால் கீரை மீண்டுவிடும். மணிக்கணக்கில் ஊறினால் உப்பு செல்லுக்குள்ளும் நுழைந்து சவ்வுகளைக் கெடுக்கும். அதன் பிறகு திரும்பாது.

சவ்வு கிழிந்ததா? பீட்ரூட் சொல்லும்

ஃப்ரீசரில் நடப்பது வேறு கதை. அங்கே தண்ணீர் பனித்துகள்களாக உறைந்து, சவ்வுகளைக் கிழித்துவிடும். பை ஓட்டையான பிறகு, எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் உள்ளே நிற்காது. சமைக்கும் சூடும் இதையே செய்கிறது. வாணலி நிறையப் போட்ட கீரை கைப்பிடி அளவுக்குச் சுருங்குவது, சூட்டில் சவ்வுகள் சிதைந்து, விறைப்பழுத்தம் முழுதாகப் போய்விடுவதால்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீட்ரூட்டின் சிவப்பு நிறமி வாக்குவோலுக்குள்தான் இருக்கிறது. சில துண்டுகளை நறுக்கி, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். பாதியைச் சாதாரணத் தண்ணீரிலும், மீதியைக் கை பொறுக்காத சுடுதண்ணீரிலும் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். சாதாரணத் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறும். சுடுதண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிடும். அங்கே டோனோபிளாஸ்ட்டும் செல்லின் வெளிச் சவ்வும் உடைந்துவிட்டன என்று அர்த்தம்.

கீரையிலும் அடையாளம் உண்டு. துவண்டிருந்தாலும் இலை ஒரே சீரான பச்சையாக இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தண்ணீர் ஊறியது போலக் கரும்பச்சைத் திட்டுகளும் வழவழப்பும் தெரிந்தால், அந்தப் பகுதியில் பைகள் உடைந்துவிட்டன. அதைக் கிள்ளி எறிந்துவிடுவதே நல்லது.

தொட்டிச் செடிக்கும் இதே கணக்கு

மாடித்தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தும் செடி துவள்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலை வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாகத் தண்ணீரை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். விடிகாலையிலும் துவண்டே இருந்தால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றினால் போதும். ஈரமாக இருந்தும் துவண்டிருந்தால், வேர் அழுகியிருக்கலாம் அல்லது உரம் அதிகமாகியிருக்கலாம். ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். ஒரு பிடி கூடப் போனால், மண்ணிலுள்ள தண்ணீரை வேருக்கு விடாமல் அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

உரம்தான் காரணம் என்றால், மேலும் உரம் போடாதீர்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிடுங்கள். அதிகப்படி உரம் தண்ணீரோடு வெளியேறும். இலை நுனிகள் கருகும் முன்பே செய்துவிட்டால், செடி பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.