சமைத்தவர் பெயர் பந்தியைத் தாண்ட வேண்டும்

தோட்டத்து விருந்துகளில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. உண்டு முடித்துக் கை கழுவ வருவோர், "சாப்பாடு மிக நன்று" என்று வீட்டுக்காரரிடம் கூறிச் செல்கின்றனர். அவரும் மகிழ்கிறார். சமைத்த அம்மையாரோ அந்நேரம் லயத்தின் பின்புறத்தில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பாராட்டு வீட்டின் பெயருக்குப் போய்விடுகிறது. சமைத்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒருவர் வாய்மொழியையே நம்பித் தொழில் நடத்துகையில் அவருக்கு நேரும் முதல் இழப்பு இதுதான்.

பால்மரம் வெட்டும் வேலையோடு சமையல் ஆர்டரும் எடுக்கத் தொடங்கும் ஓர் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். அவர் முன் இரண்டு வாய்ப்புகள் உள்ளன: நானூறு பேர் வரும் திருமணம் ஒன்று, நூற்றிருபது பேர் வரும் வளைகாப்பு மற்றொன்று. திருமணத்தில் கூட்டம் பெரிது, பெயரும் பெரிதாகப் பரவும் என்று தோன்றும். ஆனால் அங்கே விருந்தினர் அவசரமாக உண்டு எழுகின்றனர், சமைத்தவரைக் காண்பதில்லை. வளைகாப்புக்கு வருவோரிலோ பெரும்பாலோர் பெண்கள். அடுத்த விசேஷத்துக்கு யாரைச் சமைக்க அழைப்பது என்று பெரும்பாலும் முடிவு செய்பவர்கள் அவர்களே. பிற தோட்டங்களிலிருந்தும் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் உறவினர் வந்து, உட்கார்ந்து பேசுவர். ஆதலால் வளைகாப்பையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து.

வளைகாப்புக்குப் பலவகைச் சாதம் வழக்கம். ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று கொண்டால் நூற்றிருபது பேருக்குப் பன்னிரண்டு கிலோ ஆகும். அழையாமல் வரும் அண்டை வீட்டாரை எண்ணி மேலும் ஒன்றரைக் கிலோ போடுவது தக்கது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடைசிப் பந்தியில் அமர்வோர் யார்? பரிமாறியவர்களும் வீட்டுக்கு மிக நெருங்கிய உறவினருமே. "அன்றைக்குச் சமைத்தது யார்?" என்று பின்னாளில் பிறர் கேட்பது அவர்களிடத்தில்தான். அவர்களுக்குச் சாதம் தட்டுப்பட்டால், முதல் மூன்று பந்தியின் பாராட்டும் வீணாகும். ஆகவே கடைசிப் பந்திக்குரியதைத் தொடக்கத்திலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும்.

இனி, பெயர் எவ்வாறு பந்தியைத் தாண்டும்? விடைபெறும் பெண்களுக்குக் கொடுக்கும் பொட்டலமே அதற்கு வழி. அதில் தேங்காய்ச் சாதமோ தயிர்ச் சாதமோ வைக்கலாகாது. நம் வெப்பத்தில் அவை விரைவில் கெடும். புளிச் சாதம் அவற்றினும் தாங்கும். எனினும் சமைத்த உணவை வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திராமல் உண்பதே பாதுகாப்பு. பொட்டலத்தின் மேல் ஒரு சிறு சீட்டை ஒட்டலாம்: சமைத்தவர் பெயர், தொலைபேசி எண், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்னும் குறிப்பு. கையால் எழுதினாலும் போதும். விருந்துக்கு வராத கணவரும் மாமியாரும் அச்சீட்டைப் படிப்பர். சீட்டு ஒட்டுமுன் வீட்டுக்காரரின் இசைவைக் கேட்பது மரியாதை.

பெயர் எழுதிய உணவு கெட்டால் பழியும் அப்பெயரோடுதான் பரவும். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, நம் நாட்டில் உணவைக் கையாள்வோர் உரிய பயிற்சியும் தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

"விலையைக் குறைத்துக் கொடுங்கள், உங்களுக்குப் பேர் கிடைக்கும்" என்பார் சிலர். இதற்கு இணங்குவது தவறு. வாய்மொழியில் பெயர் மட்டும் செல்வதில்லை. விலையும் உடன் செல்லும். தலைக்கு எட்டு வெள்ளி பெறவேண்டியவர் ஐந்துக்குச் சமைத்தால், அடுத்து வருபவரும் ஐந்தையே கேட்பார். தெரிந்தவருக்கு உதவ விரும்பினால் விலையை அப்படியே வைத்து, ஒரு வடையோ பாயசமோ கூடுதலாகக் கொடுக்கலாம்.

மறுநாள் பாத்திரங்களை எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாமல், அம்மையார் தாமே செல்வது நலம். விருந்தின் அலுப்பு நீங்கிய வீட்டுக்காரர் அப்போதுதான் மனம் திறந்து பேசுவார். "எல்லாம் நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "நன்று" என்றே விடை வரும். "எது மிஞ்சிற்று?" என்று கேட்டால் உண்மை தெரியும். எலுமிச்சைச் சாதம் பாதி மிஞ்சியிருந்தால், குறை எதுவென்று அதுவே காட்டிவிடும்.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு பயிற்றுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். சில மாதங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அது கோயில் செயலவையைச் சேர்ந்தவராகவோ பந்தல் போடுபவராகவோ வளையல் விற்கும் அம்மையாராகவோ இருக்கலாம். பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அவர் வீட்டுக்குச் செல்வது முறை.

ஆனால் வாய்மொழி சீராக வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் ஓய்ந்திருந்து, தையில் ஒரே நாளுக்கு மூன்று ஆர்டர்கள் வரும். இரு கைகளும் ஓர் அடுப்பும் உள்ளவர் ஒன்றை ஏற்று, மற்றவற்றைத் தாம் நம்பும் வேறொரு சமையற்காரரிடம் அனுப்பலாம். அவரும் தமக்கு மிஞ்சியதை இவரிடம் அனுப்புவார்; அதையும் அப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.