கேப் போடத் திரும்பி வராத நோயாளி

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரைப் பெறவும் தக்கவைத்துக்கொள்ளவும் எடுக்கும் முடிவுகளின் தொகுப்பைச் சந்தையிடுகைக் கலவை என்பார்கள். 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி இதைப் பொருள், விலை, இடம், விளம்பரம் என நான்காக வகுத்தார். ஆங்கிலத்தில் நான்குமே ‘பி’ எழுத்தில் தொடங்குவதால் ‘நான்கு பி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. சோப்பு விற்பவருக்கு இந்த நான்கும் ஏறக்குறையப் போதும். சேவை விற்பவருக்குப் போதாது என்று கண்டு, 1981-இல் பெர்னார்ட் பூம்ஸ், மேரி ஜோ பிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள், செயல்முறை, கண்கூடான சான்று என்ற மூன்றைச் சேர்த்து அதை ஏழாக்கினார்கள்.

இந்த மூன்றும் ஏன் தேவைப்பட்டன என்பதைப் பல் மருத்துவமனையில் தெளிவாகப் பார்க்கலாம். கீழ்க்கடைவாய்ப் பல்லில் ரூட் கனால் செய்துகொள்பவர் தான் வாங்கிய பொருளைப் பார்ப்பதே இல்லை. பல்லின் மூன்று அல்லது நான்கு குழாய்களையும் மருத்துவர் கண்டுபிடித்தாரா, வேரின் நுனிவரை சுத்தம் செய்தாரா, இடைவெளியின்றி அடைத்தாரா என்று அவரால் சொல்ல முடியாது. வலி போனது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஒரு குழாயை விட்டுவிட்டாலும் மாதக்கணக்கில் வலி வராமல் இருக்கக்கூடும் என்பதால் அதுவும் சரியான அளவுகோல் அல்ல. வாங்கிய பிறகும் தரத்தை எடைபோட முடியாத இத்தகைய சேவையை நம்பிக்கையின்பேரில்தான் வாங்க வேண்டும். அந்த நம்பிக்கையை விளம்பரத்தால் உண்டாக்கவும் வழி குறைவு. இந்தியாவில் பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் விளம்பரத்துக்குக் கடுமையான வரம்புகளை வைத்திருக்கின்றன. ஆகவே பேசுகிற மனிதர்கள், வேலை நடக்கிற ஒழுங்கு, கண்ணில் படுகிற சான்று ஆகியவற்றை வைத்தே நோயாளி முடிவெடுக்கிறார்.

எல்லாப் பல் மருத்துவமனைகளும் அறிந்த ஒரு சிக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரூட் கனால் முடிந்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மேலே கேப் போட வேண்டும். சொத்தையாலும், உள்ளே வழி ஏற்படுத்தத் துளைத்ததாலும் பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். மெல்லும் விசையில் அது பிளந்துபோகலாம். முன்பல்லில் விசை குறைவு என்பதால் எல்லா முன்பல்லுக்கும் இது கட்டாயமில்லை. ஆனால் வலி நின்றதும் நோயாளிகளில் ஒரு பகுதியினர் கேப்புக்குத் திரும்புவதே இல்லை. சில மாதம் கழித்து முறுக்கைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கிறது. பிளவு வேர்வரை இறங்கியிருந்தால் பல்லைப் பிடுங்குவது தவிர வழியில்லை. “அங்கே ரூட் கனால் பண்ணினேன், பல்லே போச்சு” என்ற பேச்சு தெருவில் பரவுகிறது. இங்கே பொருளிலும் விலையிலும் இடத்திலும் குறை எதுவும் இல்லாமல் இருக்கலாம். கோளாறு மற்ற மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் மனிதர்கள். கடைசி அமர்வு முடியும்போது மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “ரூட் கனால் முடிஞ்சிடுச்சும்மா. ஒரு வாரம் கழிச்சு கேப்புக்கு வாங்க.” உதடு மரத்து, வாய் திறந்தே கிடந்து களைத்திருக்கும் அந்த அம்மா கேட்பது முதல் வாக்கியத்தை மட்டுமே. அதே மருத்துவர், “பாதி வேலை முடிஞ்சிருக்கும்மா. இப்ப வலி இருக்காது, ஆனா பல்லுக்கு வலுவும் இல்லை. கேப் போட்டாத்தான் இந்தப் பல் நிக்கும்” என்று சொன்னால் செய்தி வேறாகச் சென்று சேர்கிறது.

மருத்துவரோடு இது முடிவதில்லை. மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை நோயாளிகள் வெளியே வந்து வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமும் உதவியாளரிடமும்தான் கேட்பார்கள். “ஏம்மா, கேப் கட்டாயம் போடணுமா?” என்ற கேள்விக்கு அவர், “அது உங்க இஷ்டம்தாங்க” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டால், உள்ளே மருத்துவர் பத்து நிமிடம் விளக்கியது வீணாகிறது. சேவைத் தொழிலில் ஊழியரும் விற்கப்படும் சேவையின் ஒரு பகுதி என்பதன் பொருள் இதுதான். இதற்கான பயிற்சியும் மிக எளிது. நோயாளிகள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதி, மருத்துவர், உதவியாளர், வரவேற்பாளர் மூவரும் ஒரே பதிலைச் சொல்லும்படி உட்கார்ந்து பேசிக்கொள்வது போதும். வரவேற்பில் அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் இந்தத் தாள் இன்னும் அவசியம்.

செயல்முறைக்கு நல்ல கருவி ஒன்று உண்டு. 1980-களில் லின் ஷோஸ்டாக் என்ற வங்கித் துறைப் பெண்மணி, சேவையைக் கட்டட வரைபடம் போல வரைந்து பார்க்கும் முறையை எழுதினார். நோயாளி தொலைபேசியில் அழைப்பதிலிருந்து கடைசிப் பணம் கட்டுவதுவரை ஒவ்வொரு படியையும் இடமிருந்து வலமாக எழுத வேண்டும். நடுவே குறுக்காக ஒரு கோடு போட வேண்டும். நோயாளி பார்ப்பவை கோட்டுக்கு மேலே வரும்; பார்க்காதவை கீழே வரும். பிறகு எந்தப் படியில் தவறு நேரக்கூடும் என்று குறிக்க வேண்டும்.

கேப் விஷயத்தில் இந்தப் படத்தை வரைந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பல இடங்களில் கேப்பின் விலை கடைசி அமர்வில்தான் சொல்லப்படுகிறது. வலியும் இல்லாத நேரத்தில், கையிருப்பும் கரைந்த பிறகு, புதிய செலவாக அது வந்து நிற்கிறது. முதல் நாளே ரூட் கனாலும் கேப்பும் சேர்ந்த மொத்தத் தொகையையும், கேப் வகைகளுக்கேற்ப அது எப்படி மாறும் என்பதையும் எழுதிக் கொடுத்தால் அந்த அதிர்ச்சி இருக்காது. “ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்பதற்குப் பதிலாக, நாளும் நேரமும் குறித்த பிறகே நோயாளியை அனுப்ப வேண்டும். பல் அமைதியாக இருந்தால் கடைசி அமர்விலேயே பல்லைச் செதுக்கி அளவும் எடுத்துவிடும் மருத்துவர்கள் உண்டு. அப்போது நோயாளி திரும்பி வருவது ஏறக்குறைய உறுதியாகிறது. சீழும் வீக்கமும் இருந்த பல்லுக்கு அந்த அவசரம் கூடாது. வரவேண்டியவர் வரவில்லை என்றால் அன்று மாலையே அழைத்துப் பேசுவது யார் வேலை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருடைய வேலை என்று சொல்லப்படாத வேலையை யாரும் செய்வதில்லை.

கோட்டுக்குக் கீழே இருப்பவை இதைவிடப் பெரியவை. இரண்டு நாற்காலி உள்ள மருத்துவமனை மாலை 5 மணி முதல் 9 மணி வரை, ஆளுக்கு அரை மணி நேரம் என்று நோயாளிகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 பேர். பயன்படுத்திய கருவிகளைக் கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் வைத்து, ஈரம் போக உலர்ந்து வெளியே எடுக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பயன்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் ஒரு செட் திரும்பக் கைக்கு வர 2 மணி நேரம். அதாவது ஒரு மாலையில் ஒரு செட்டை இரண்டு பேருக்குத்தான் பயன்படுத்தலாம். 16 பேருக்கு 8 செட் வேண்டும். 4 செட் மட்டும் வைத்துக்கொண்டு 16 பேரைப் பார்க்கும் இடத்தில் ஏதோ ஒரு படி விடுபடுகிறது என்று கணக்கே சொல்லிவிடும். உதவியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நெருக்கடி அவரைக் குறுக்குவழியில் தள்ளும்.

படி தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே துயரமான சான்று உண்டு. 2023-இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டது. 8 பேர் இறந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எந்த நோயாளியாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கண்கூடான சான்றின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பலர் இதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு, வரவேற்பறையில் மீன் தொட்டியும் கண்ணாடிச் சுவரும் வைக்கிறார்கள். பிட்னர் 1992-இல் எழுதிய கட்டுரையில் காட்டியதுபோல வெளிச்சம், வாசனை, இரைச்சல் எல்லாம் வருகிறவரின் மனநிலையைப் பாதிக்கத்தான் செய்யும். துளைப்பானின் சத்தம் காத்திருக்கும் குழந்தைக்குக் கேட்காமலிருப்பது பெரிய உதவி. ஆனால் கோட்டுக்குக் கீழே நடப்பதை மேலே கொண்டுவந்து காட்டும் சான்றுக்கே மதிப்பு அதிகம். ஒட்டிய உறையில் கருவி வருகிறது. அதன்மேல் கிருமிநீக்கம் செய்த தேதி எழுதியிருக்கிறது. உறையின் ஓரத்தில் உள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கிறது. நோயாளி உட்கார்ந்த பிறகு, அவர் பார்க்கும்படி உதவியாளர் அதைக் கிழிக்கிறார். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. உறையின் வெளியே இருக்கும் நிறமாற்றம், அது ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே சொல்லும். இயந்திரத்தில் அளவுக்கு மேல் திணித்திருந்தால் நடுவில் இருந்த கருவிக்கு நீராவி சரியாக எட்டியிருக்காது. எடுக்கும்போது உறை ஈரமாக இருந்தால் அதன் வழியே கிருமி மறுபடி உள்ளே போகலாம். வெப்பத்தைத் தாங்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துக்களை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனையே இயந்திரம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம். வாரம் ஒருமுறை அதைச் செய்து முடிவைப் பதிவேட்டில் எழுதும் மருத்துவமனை, கேட்பவருக்கு அந்தப் பதிவேட்டைத் தயங்காமல் காட்டலாம்.

கேப்புக்கு வராத நோயாளிக்கும் சான்று உதவுகிறது. அவருடைய எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, வேர்வரை அடைத்த வெள்ளைக் கோடுகளையும் மேலே மெலிந்து நிற்கும் சுவரையும் விரலால் தொட்டுக் காட்டினால், பார்க்க முடியாத பொருளில் ஒரு பகுதியாவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சிகிச்சைத் தாளில் ‘ரூட் கனால்’, ‘கேப்’ என இரண்டு கட்டங்கள் அச்சிட்டு, முதல் கட்டத்தில் மட்டும் குறியிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். மருத்துவர் சொன்னதும், வரவேற்பாளர் குறித்த தேதியும், கையில் இருக்கும் தாளும் ஒன்றையே சொல்லும்போது நோயாளிக்குக் குழப்பம் வருவதில்லை.

மாற்றம் பலித்ததா என்பதை மருத்துவமனையின் பதிவேட்டிலேயே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு முன் கடைவாய்ப் பல்லில் ரூட் கனால் முடித்தவர்கள் 20 பேர், அவர்களில் கேப் போட்டவர்கள் 11 பேர் என்று வைத்துக்கொண்டால், மீதி 9 பேரையும் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். “வலிதான் இல்லையே” என்று சொல்பவர்களுக்கு விளக்கம் போய்ச் சேரவில்லை. பேச்சையும் தாளையும் திருத்த வேண்டும். “மறந்துட்டேன்” என்பவர்கள் செயல்முறையில் உள்ள ஓட்டையைக் காட்டுகிறார்கள். “பணம் புரளலைங்க” என்பவர்களுக்கு இந்த மூன்றும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. அவர்களுக்குத் தவணையோ விலை குறைந்த உலோகக் கேப்போதான் வழி. அது பழைய நான்கில் ஒன்றான விலையில் எடுக்க வேண்டிய முடிவு.