பெயரிலேயே உறவுமுறை

மாவோ சேதுங்கின் உடன்பிறந்த தம்பிகள் மாவோ சேமின், மாவோ சேதான். பங்காளி உறவில் தங்கை மாவோ சேஜியன். முதலில் வரும் ‘மாவோ’ குடும்பப் பெயர். கடைசி எழுத்து அவரவருக்கே உரியது. நடுவில் நிற்கும் ‘சே’தான் தலைமுறை எழுத்து.

இந்த எழுத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதில்லை. ஹுனான் மாகாணத்து ஷாவோஷானில் வாழ்ந்த மாவோ குலத்தார், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து என்று ஒரு செய்யுளாகவே முன்கூட்டி எழுதி, குலவரலாற்று ஏட்டில் பதித்து வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் அதன் தலைமுறைக்குரிய எழுத்தை எடுத்து, இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் பெயர் தயார். மாவோவின் கொள்ளுத் தாத்தா சூரென், தாத்தா என்பூ, அப்பா யீசாங். சூ, என், யீ, சே என்று வரிசை இறங்கிவருகிறது.

இதனால் முன்பின் அறியாத பங்காளிகள் சந்தித்தாலும் முறை தெரிந்துவிடும். கன்ஃபூசியஸ் வழிவந்த கொங் குலத்தில் 77ஆம் தலைமுறைக்கு ‘தெ’, 78ஆம் தலைமுறைக்கு ‘வெய்’. கொங் தெசெங் என்பவரின் மகன்கள் வெய்யீ, வெய்னிங். அந்தக் குலத்தில் ‘தெ’ எழுத்துக்காரர் இருபது வயது இளைஞராகவே இருந்தாலும், ‘வெய்’ எழுத்துக்கார முதியவருக்கு அவர் சித்தப்பா முறைதான். அங்கே வயதை வைத்து முறை பார்ப்பதில்லை.

ஆனால் பெயரை மட்டும் நம்பினால் சில இடங்களில் தடுமாற நேரும். ‘சே’க்கு அடுத்த எழுத்து ‘யுவான்’. சேமினின் மகன் யுவான்சின் பெயரில் அது இருக்கிறது. மாவோ சேதுங்கின் மகன்களோ ஆன்யிங், ஆன்சிங், ஆன்லோங். இவர்கள் வேறு தலைமுறையோ என்ற ஐயம் எழலாம். குல ஏட்டில் இவர்களுக்கு யுவான்ரென், யுவான்யீ, யுவான்ஜி என்று தனிப் பெயர்கள் உண்டு. புழங்கும் பெயர் ஒன்று, ஏட்டுப் பெயர் வேறொன்று என்பது பல குடும்பங்களில் இருந்த வழக்கம்.

எழுத்து எப்போதும் நடுவில்தான் வரும் என்பதுமில்லை. புகழ்பெற்ற சூங் சகோதரிகள் ஐலிங், சிங்லிங், மெய்லிங் ஆகியோருக்குப் பொது எழுத்தான ‘லிங்’ கடைசியில் நிற்கிறது. அவர்களுடைய சகோதரர்கள் ஸிவென், ஸிலியாங், ஸியான் மூவருக்கும் ‘ஸி’ முன்னால் வருகிறது. ஆண்களுக்கு ஓர் எழுத்து, பெண்களுக்கு வேறோர் எழுத்து என்று வைப்பதும், பெண்களை வரிசையிலேயே சேர்க்காமல் விடுவதும் உண்டு.

இன்று சீன நகரங்களில் பலர் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. குடும்பப் பெயரோடு ஒரே ஓர் எழுத்து வைப்பவர்களுக்குத் தலைமுறை எழுத்தைச் சேர்க்க இடமே இல்லை. ஒற்றைப் பிள்ளை வீடுகளில் அதைப் பகிர்ந்துகொள்ள உடன்பிறப்பும் இல்லை. மாவோவின் பேரன் பெயர் சின்யூ. ‘யுவானு’க்கு அடுத்து வரவேண்டிய ‘ஷி’ அதில் காணோம்.

ஏடுகள் மட்டும் புதுப்பிக்கப்படுகின்றன. 2009இல் வெளியான கொங் குல ஏடு, இருபது லட்சம் பேருக்கு மேல் பதிவுசெய்தது. பெண் வாரிசுகளின் பெயர்கள் அதில் இடம்பெற்றது அதுவே முதல்முறை.