பாராட்டு மறக்கும், கேலி மறக்காது: ஏன்?

பெங்களூரின் தொம்மலூரில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஆயினும் அப்பகுதிக் குழந்தைகள் திருமணத்திற்காகத் தமிழ்நாட்டிற்குச் செல்லும்போது, அவர்களுடைய தமிழே முதலில் கேலிக்கு ஆளாகிறது.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். பந்தியில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் அவள் அன்போடு “ஊட்டா ஆச்சா?” என்று கேட்கிறாள். மாமா உரக்கச் சிரித்து, “இவள் பேசுவது எந்த ஊர்த் தமிழ்?” என்கிறார். பந்தி முழுவதும் சிரிக்கிறது. அன்றே நான்கு பேர் அவளுடைய கோலத்தையும் பாட்டையும் மெச்சியிருப்பார்கள். ஆனால் ஓராண்டு கழித்து அவள் நினைவில் எஞ்சுவது மாமாவின் சொல்தான். (அவள் சொன்ன கன்னடச் சொல் நம்முடைய ‘ஊட்டு’ என்பதற்கு நெருங்கிய உறவு என்பதைப் பந்தியில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.)

இதற்கு முதற் காரணம் உடலிலேயே இருக்கிறது. பலர் முன்னிலையில் கூச்சமோ அச்சமோ எழும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் மிகுகின்றன. அவை மூளையின் அமிக்டலா என்னும் பகுதியைத் தூண்டி, அப்போதைய அனுபவத்தை ஆழமாகப் பதியச் செய்கின்றன. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோர் தம் குழுவினருடன் இதனைச் சோதித்தனர். சிறுவன் ஒருவன் விபத்தில் சிக்கும் கதையைப் படங்களின் துணையோடு சிலருக்குக் கூறினர். முன்னதாகச் சிலருக்கு, அச்சுரப்புகளின் செயலைத் தடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை தரப்பட்டிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மாத்திரை உட்கொள்ளாதோர் கதையின் உருக்கமான பகுதியைத் தெளிவாக நினைவுகூர்ந்தனர்; உட்கொண்டோரிடம் அந்தத் தெளிவு குறைந்திருந்தது. உருக்கமில்லாத கதையைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் அத்தகைய வேறுபாடு இல்லை.

உடல் மட்டுமே காரணமன்று. பாராட்டு கேட்டவுடன் முடிந்துவிடுகிறது. அதற்கு ஒரு புன்னகை போதும். கேலியோ விடை தேடும் வினாவாக நின்றுவிடுகிறது. ‘நான் தவறாகப் பேசினேனா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்களா? அப்போது என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?’ என்று மனம் அதனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. அவ்வாறு எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நினைவு வலுப்பெறுகிறது. பொதுவாகக் காலப்போக்கில் துன்ப நினைவுகளின் கசப்பு, இன்ப நினைவுகளின் இனிமையைக் காட்டிலும் விரைவாகவே குறையும் என ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அடுத்த பொங்கலிலும் அதே மாமா அதே கேள்வியைக் கேட்டால், ஆற வேண்டிய புண் ஆற வழியேது?

மாமா தீய எண்ணத்துடன் பேசவில்லை என்பதும் உண்மையே. சிக்கலும் அங்கேதான் உள்ளது. ஜஸ்டின் க்ருகரும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேலி செய்தவர் தம் சொல்லை வேடிக்கையாகவே மதிப்பிடுகிறார். கேலிக்கு உள்ளானவருக்கு அது அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. பேசியவருக்குத் தம் உள்நோக்கம் தெரியும். கேட்டவருக்குச் சொல் மட்டுமே கிடைக்கிறது. “சும்மா சொன்னேன்” என்று பின்னர் கூறுவதால் அந்த இடைவெளி எளிதில் மறைவதில்லை.

நம் குடும்ப வழக்கில் இதற்கு ஒரு காப்பு இருந்தது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம். அங்கே திருப்பிக் கேலி செய்யும் உரிமை இருவருக்கும் உண்டு. பெரியவரின் கேலிக்குச் சிறுமி எதிர்ச்சொல் கூற முடியாது. கூறினால் வாயாடி என்பார்கள். ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது, எதிரிலிருப்பவருக்குத் திருப்பிச் சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதையே. அடுத்தது, எதனைக் கேலி செய்கிறோம் என்பது. அவள் பந்தியில் மூன்றாவது ஜிலேபி கேட்டதைச் சொல்லிச் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுடைய பேச்சைத் தொட்டாலோ, ‘நீ எங்களைச் சேர்ந்தவள் அல்ல’ என்றே அவள் செவியில் விழும். நிறமும் உடற்பருமனும் அப்படிப்பட்டவையே.

சொல் தைத்துவிட்டதா என்பதைச் சிரிப்பைக் கொண்டு அறிய இயலாது. பிறரோடு சேர்ந்து அவளும் சிரித்திருப்பாள். பின்னர் வரும் மாற்றத்தையே கவனிக்க வேண்டும். பாட்டியிடம் அவள் பேச்சுக் குறைகிறதா? தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடையளிக்கிறாளா? தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்கிறாளா? அப்படியானால், வழக்கத்தைவிட மிகுதியாகப் பாராட்டி ஈடுகட்ட முயல்வதில் பெரும்பயன் இல்லை. அவள் மனத்திலுள்ள வினா விடையின்றியே கிடக்கும். நடந்ததைப் பெயர் சொல்லியே பேச வேண்டும். “அன்று பந்தியில் நீ ‘ஊட்டா ஆச்சா’ என்று கேட்டபோது எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அது சரியன்று, உன் தமிழில் குறை ஏதுமில்லை” என்று மாமா கூறலாம். அன்று சிரித்தவர்களில் சிலரேனும் அருகில் இருக்கும்போது கூறுவது இன்னும் நன்று.