பழைய வீட்டுக்காரர் எழுதித் தரும் ஒரு பக்கம்

சென்னையில் வீடு தேடிப் போனால் வாடகைக்கு அடுத்தபடியாக அட்வான்ஸ் எவ்வளவு என்ற பேச்சு வந்துவிடும். கனடாவின் டொரொன்டோவில் வீடு தேடும் தமிழர்கள் அந்த இடத்தில் வேறொரு கேள்வியைச் சந்திக்கிறார்கள்: “இதற்கு முன் இருந்த வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் இருக்கிறதா?” சம்பளச் சான்று, கடன் வரலாற்று அறிக்கை ஆகியவற்றோடு இந்தக் கடிதத்தையும் வைத்துத்தான் அங்கே வாடகை விண்ணப்பம் கொடுக்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. டொரொன்டோ அமைந்திருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகையை மட்டுமே. அந்தப் பணத்தையும் கடைசி மாத வாடகைக்கு மட்டுமே கழித்துக்கொள்ளலாம். சுவர் உடைந்தது, அடுப்பு கெட்டது என்று அதில் பிடித்துக்கொள்ள முடியாது. வாடகை தராதவரை வெளியேற்ற வேண்டுமானால் அறிவிப்புக் கொடுத்து, வீட்டுக்காரர்–வாடகைதாரர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அதை ஷெரிஃப் அலுவலகம் வழியாகத்தான் நிறைவேற்ற வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். உள்ளே வந்த பிறகு வீட்டுக்காரர் கையில் பிடிமானம் குறைவு. அதனால் அவருடைய எச்சரிக்கை முழுவதும் சாவியைக் கொடுக்கும் முன்பே வந்துவிடுகிறது. வங்கியும் கம்பெனியும் தரும் தாள்கள் வாடகைதாரருடைய வருமானத்தைச் சொல்லும். அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லக்கூடியவர் பழைய வீட்டுக்காரர்தான்.

அப்படியானால் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் அடிக்கடி காணக்கூடிய வாசகம் இது: “இவர்கள் நல்ல குடும்பம், அமைதியானவர்கள், கடவுள் பக்தி உள்ளவர்கள், என் சொந்தப் பிள்ளைகள் மாதிரி.” அன்போடு எழுதியதுதான். ஆனால் அதைப் படிக்கும் புதிய வீட்டுக்காரருக்கு இதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. சரிபார்க்க முடியாத பாராட்டை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். கடிதத்துக்கு எடை தருவது தேதியும் தொகையும்தான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் குடியிருப்பில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்ததால் பெரிய வீடு தேடுகிறார்கள். மேல்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் இப்படி எழுதித் தருகிறார்:

“ஸ்கார்பரோவில் உள்ள என் வீட்டின் பேஸ்மென்ட் குடியிருப்பில் இவர்கள் இருவரும் 2022 செப்டம்பர் 1 முதல் வாடகைக்கு இருந்து வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் 31 அன்று வீட்டைக் காலி செய்வதாக ஜூன் 28 அன்று எழுத்து மூலம் அறிவித்திருக்கிறார்கள். மாத வாடகை 1,600 டாலர். அதை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் வங்கி வழியாக அனுப்பிவந்தார்கள். 2024 பிப்ரவரியில் மட்டும் நான்கு நாள் தாமதமானது. வேலை மாறியதால் சம்பளம் தள்ளிப்போகிறது என்று முன்கூட்டியே எனக்குச் சொன்னார்கள். இன்று பாக்கி எதுவும் இல்லை. 2023 குளிர்காலத்தில் குளியலறைக் குழாய் கசிந்தபோது அன்றே தகவல் சொன்னதால் பெரிய சேதம் இல்லாமல் சரிசெய்ய முடிந்தது. இரைச்சல் பற்றி என்னிடமிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ புகார் எழுந்ததில்லை. கடைசியாக இம்மாதம் பார்வையிட்டபோது வீடு சுத்தமாக இருந்தது. மறுபடியும் இவர்களுக்கே வாடகைக்கு விடத் தயாராக இருக்கிறேன். விவரம் தேவைப்பட்டால் மாலை ஆறு மணிக்குப் பிறகு கீழ்க்கண்ட எண்ணில் என்னை அழைக்கலாம்.”

கீழே தேதி, கையெழுத்து, முகவரி, தொலைபேசி எண். அரைப் பக்கம்தான். “நல்லவர்கள்” என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் படிப்பவர் தானாகவே அந்த முடிவுக்கு வருகிறார்.

இதில் மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பிப்ரவரித் தாமதம். அதை மறைத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு சிறு குறையைத் தேதியோடு சொல்லும் கடிதத்தில் மற்ற வரிகளும் உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. மேலும், வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்தத் தாமதம் தெரியத்தான் போகிறது. இரண்டாவது, முன்னறிவிப்புத் தேதி. ஒன்டாரியோவில் மாத வாடகைக்கு இருப்பவர் காலி செய்யக் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆகஸ்ட் 31 என்றால் ஜூலை 2-க்குள். ஜூன் 28 என்ற ஒரு தேதி, இவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர்கள் அல்ல என்பதைக் காட்டிவிடுகிறது. மூன்றாவது, “மறுபடியும் விடத் தயார்” என்ற வரி. அனுபவமுள்ள வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது இதைத்தான். மற்றதெல்லாம் இருந்து இது மட்டும் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று போன் செய்து கேட்பார்கள்.

எதை எழுதக்கூடாது என்பதும் முக்கியம். மதம், பூர்வீகம், குழந்தை உண்டா, கல்யாணம் ஆனவரா, அரசு உதவித்தொகை வாங்குகிறாரா என்பவற்றின் அடிப்படையில் வாடகைக்கு வீடு மறுப்பதை ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டுக்காரரோடு குளியலறையையோ சமையலறையையோ பகிர்ந்துகொள்ளும் இடங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஆகவே “நம் ஊர்ப் பிள்ளைகள், சைவம்” என்று பெருமையாக எழுதும் வரி வாடகைதாரருக்கு உதவாது. படிப்பவரையும் சங்கடத்தில் தள்ளும். உடல்நலம், குடும்பப் பிரச்சினை, வங்கிக் கணக்கு எண் போன்றவையும் வேண்டாம். வாடகைதாரருடைய சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றிய விவரங்களை வெளியாருக்குக் கொடுக்கவும் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்க அனுமதி கேட்டுக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

கடிதம் போய்ச் சேர்ந்த பின் என்ன நடக்கும்? புதிய வீட்டுக்காரரோ அவருடைய தரகரோ போன் செய்வார். சிலர் வேண்டுமென்றே தவறான விவரத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள்: “ஆயிரத்து நானூறுதானே வாடகை? ஒரு வருஷம் இருந்தார்கள் இல்லையா?” உண்மையான வீட்டுக்காரர் உடனே திருத்துவார். நண்பரையோ மைத்துனரையோ வீட்டுக்காரர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அங்கே தடுமாற்றம் வரும். ஒன்டாரியோவில் நிலப் பதிவேட்டைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம் என்பதால், கடிதம் எழுதியவர்தான் அந்த வீட்டின் சொந்தக்காரரா என்பதையும் சரிபார்க்க முடியும். பொய்க் கடிதம் பிடிபட்டால் அந்த வீடு கிடைக்காது; அந்தத் தரகர் காட்டும் மற்ற வீடுகளும் கிடைக்காமல் போகலாம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தொல்லை தரும் வாடகைதாரர் எப்படியாவது போனால் போதும் என்று நினைக்கும் வீட்டுக்காரர், கடிதத்தில் அவரை வானளாவப் புகழ்ந்துவிடலாம். தற்போதைய வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு காரணம் இருக்க வாய்ப்புண்டு. அதற்கும் முந்தைய வீட்டுக்காரருக்கு இல்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு வீடுகளுக்கு முந்தையவரின் பேச்சை அதிகம் நம்புவார்கள். வாடகைதாரர் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது, ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் அந்த மாதமே கடிதம் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது. மூன்று வருஷம் கழித்துத் தேடினால் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார், எண் மாறியிருக்கும், தேதிகளும் மறந்திருக்கும்.

கேட்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடிதம் கேட்டாலே கிளம்பப் போகிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கடிதம் கேட்பது சட்டப்படி முன்னறிவிப்பு ஆகாது; அதற்கு எழுத்து மூலமான அறிவிப்பு தனியாக வேண்டும். அந்த அறிவிப்பைக் கொடுத்த பிறகு வீடு கிடைக்கவில்லை என்று மனம் மாறினால், வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் தொடர்ந்து இருக்க முடியும். அதனால் முதலில், “அக்கா, பெரிய வீடு பார்க்கலாம் என்று இருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை, ஒரு கடிதம் தந்தால் உதவியாக இருக்கும்” என்று வெளிப்படையாகச் சொல்வது நல்லது. குடிவந்த தேதி, வாடகைத் தொகை, பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை சுலபம்.

வீட்டுக்காரர் கடிதம் தந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மனஸ்தாபத்தில் மறுத்துவிட்டால் என்ன செய்வது? அங்கே சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. வாடகை செலுத்தியதற்கான ரசீதை வாடகைதாரர் கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும். காலி செய்து 12 மாதத்துக்குள் கேட்டாலும் இந்தக் கடமை உண்டு. மூன்று வருஷ ரசீதுகளும் அவற்றோடு பொருந்தும் வங்கி அறிக்கையும் சேர்ந்தால் பணம் செலுத்திய ஒழுங்கு ஐயமில்லாமல் தெரியும். வீட்டைப் பராமரித்த விதத்துக்கு, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் எடுத்த படங்கள் சாட்சி.

ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கியவருக்குப் பழைய வீட்டுக்காரரே இல்லை. இவர்கள்தான் பதற்றத்தில் யாரையாவது வீட்டுக்காரராக நடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. வாடகை வரலாறும் கடன் வரலாறும் இல்லாததையே ஒரு குறையாக எண்ணக்கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் கொள்கை. முதல் சில மாதம் தங்கிய உறவினர், உறவினர் என்பதை மறைக்காமல், எந்தத் தேதியிலிருந்து தங்கினார்கள், மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதித் தரலாம். வேலை நியமனக் கடிதமும் வங்கி இருப்பும் அதோடு சேரட்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: இன்றைக்கே ஓர் உறையில் லீஸ் ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், பழுது பற்றி அனுப்பிய செய்திகள் மூன்றையும் சேர்த்து வையுங்கள். வாடகைக்கு விடுபவர்கள், உங்களிடம் ஒழுங்காக இருந்தவர் கேட்டால், அரை மணி நேரம் ஒதுக்கித் தேதியோடும் தொகையோடும் எழுதிக் கொடுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு வரப்போகும் புதியவரைப் பற்றி நீங்களும் இன்னொருவரிடம் இதே கடிதத்தைத்தான் எதிர்பார்க்கப் போகிறீர்கள்.